ஆடிட்டர் கட்டணமா, இணையதளக் கட்டணமா?

ஜூன் மாதம் ஃபார்ம் 16 கைக்கு வந்ததும் சம்பளக்காரர்களிடையே ஒரு பேச்சு தொடங்கும். தெரிந்த ஆடிட்டர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய 2,500 ரூபாய் கேட்கிறார். செல்போனில் வரும் விளம்பரமோ 499 ரூபாய் போதும் என்கிறது. ஐந்து மடங்கு வித்தியாசம். பணத்தை மட்டும் பார்த்தால் முடிவு எளிது. ஆனால் இந்த இரண்டு தொகையும் ஒரே வேலைக்கான கூலி அல்ல.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கணக்குத் தாக்கல் செய்ய அரசு ஒரு பைசாகூட வாங்குவதில்லை. வருமான வரித் துறையின் incometax.gov.in தளத்தில் பான் எண்ணைக் கொண்டு உள்ளே போனால் சம்பளம், வங்கி வட்டி, பிடிக்கப்பட்ட வரி ஆகியவை பெரும்பாலும் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். சரிபார்த்து, ஆதார் ஓடிபி மூலம் உறுதிசெய்தால் வேலை முடிந்தது. ஆண்டு வருமானம் 50 லட்சத்துக்குள், ஒரே முதலாளி, ஒரு வீடு, கொஞ்சம் வைப்புத்தொகை வட்டி என்று இருப்பவர் ஐடிஆர்-1 படிவத்தை அரை மணி நேரத்தில் தானே முடித்துவிடலாம். அவருக்கு 499 ரூபாயும் வீண், 2,500 ரூபாயும் வீண்.

இதைத் தாண்டியவர்கள் பணம் கொடுத்து மூன்று விஷயங்களை வாங்குகிறார்கள். விவரங்களை ஏற்றித் தருவது ஒன்று. எதை எங்கே காட்டுவது, எந்த வரி முறை லாபம் என்று முடிவெடுப்பது இரண்டாவது. பிறகு நோட்டீஸ் வந்தால் பதில் சொல்வது மூன்றாவது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகை பெரும்பாலும் முதல் வேலைக்கு மட்டும்தான்.

தனியார் தளங்களின் கட்டணம் படிப்படியாக ஏறும். நீங்களே நிரப்பிக்கொள்ளும் திட்டம் அடிமட்டம். பங்கு விற்பனை லாபம் இருந்தால் அடுத்த படி. எஃப் அண்ட் ஓ வணிகம், வெளிநாட்டுப் பங்கு, தொழில் வருமானம் என்றால் அதற்கும் மேல். ஒரு நிபுணர் பார்த்துத் தாக்கல் செய்வது தனித் திட்டம். எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 499 என்று நுழைந்தவர் பாதி வழியில் தன் மியூச்சுவல் ஃபண்டு விற்பனையைச் சொன்னதும் அடுத்த திட்டத்துக்கு மாறச் சொல்லும் பக்கம் திறக்கும். ஆகவே விவரங்களை ஏற்றத் தொடங்கும் முன்பே உங்கள் வருமான வகைகளைத் தாளில் எழுதி, அவை அத்தனைக்கும் பொருந்தும் திட்டத்தின் விலையை ஜிஎஸ்டியோடு பார்க்க வேண்டும். அதுதான் ஒப்பிட வேண்டிய தொகை.

மலிவான திட்டம் எங்கே சறுக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. கோவையில் ஒரு மென்பொருள் ஊழியர் என்று வைத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டின் முதல் ஐந்து மாதங்கள் ஒரு நிறுவனத்தில் மாதம் 80,000 ரூபாய். மீதி ஏழு மாதங்கள் வேறொரு நிறுவனத்தில் மாதம் 1,50,000. புதிய வரி முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் தள்ளுபடி போக வரியே இல்லை. முதல் நிறுவனம் அவருடைய ஆண்டுச் சம்பளத்தை 9.6 லட்சம் என்று கணித்தது, வரி பிடிக்கவில்லை. இரண்டாவது நிறுவனத்துக்குப் பழைய சம்பளத்தை அவர் ஃபார்ம் 12பி மூலம் தெரிவிக்கவில்லை. அது தான் கொடுத்த 10.5 லட்சத்தை மட்டும் பார்த்தது, அதுவும் வரி பிடிக்கவில்லை.

இரண்டையும் கூட்டினால் 14.5 லட்சம். நிலையான கழிவு 75,000 ரூபாயை ஒருமுறை மட்டும் கழித்தால் 13.75 லட்சம். வரி 86,250, அதன்மேல் 4 சதவீத செஸ் 3,450, ஆக 89,700 ரூபாய். முன்கூட்டிய வரியாக எதுவும் கட்டாததால் 234பி, 234சி பிரிவுகளின்கீழ் வட்டியும் உண்டு. ஜூலையில் கட்டினால் அது ஏறத்தாழ 8,100 ரூபாய். இரண்டு அலுவலகங்களும் வரி இல்லை என்று சொன்ன மனிதர் கட்ட வேண்டியது 97,800 ரூபாய்.

வரி பிடிக்காத நிறுவனம் ஃபார்ம் 16 தரவேண்டிய கட்டாயமில்லை. எனவே இவர் கையில் இருக்கும் சம்பளச் சீட்டுகளை வைத்து, இரண்டாவது நிறுவனத்தின் தொகையை மட்டும் ஏற்றி, வரி பூஜ்யம் என்று மகிழ்ந்து தாக்கல் செய்துவிட வாய்ப்பு அதிகம். மென்பொருள் நீங்கள் கொடுத்த எண்ணைத்தான் கணக்கிடும், கொடுக்காததைக் கேட்காது. அனுபவமுள்ள ஆடிட்டரோ முதலில், “இந்த வருஷம் வேலை மாறினீங்களா?” என்றுதான் கேட்பார். கட்டணத்தின் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குத்தான்.

அதே கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ளவும் வழி இருக்கிறது. துறையின் தளத்தில் ஆண்டுத் தகவல் அறிக்கை, சுருக்கமாக ஏஐஎஸ், இருக்கிறது. முதலாளிகள், வங்கிகள், மியூச்சுவல் ஃபண்டுகள், பத்திரப் பதிவு அலுவலகங்கள் உங்களைப் பற்றித் துறைக்குக் கொடுத்த தகவல்கள் அதில் வரிசையாக இருக்கும். நீங்கள் காட்டப்போகும் ஒவ்வொரு வருமானத்தையும் அதோடு ஒத்துப்பாருங்கள். எல்லாம் பொருந்தினால் இணையதளம் போதும். பொருந்தாத வரி ஏதேனும் இருந்து, அதன் காரணம் உங்களுக்கே விளங்கவில்லை என்றால், அந்த இடத்தில் ஆளைத் தேடலாம்.

ஆடிட்டர்களின் கட்டணம் ஏன் வெளியே தெரிவதில்லை? பட்டயக் கணக்காளர்கள் வாடிக்கையாளரைத் தேடி விளம்பரம் செய்ய அவர்களுடைய தொழில்முறை நெறிகள் நெடுங்காலமாகக் கட்டுப்பாடு விதித்துவந்திருக்கின்றன. அதனால் விலைப்பட்டியல் ஒட்டுவது வழக்கமில்லை. இந்தியப் பட்டயக் கணக்காளர்கள் நிறுவனம் பரிந்துரைக் கட்டணப் பட்டியல் ஒன்றை வெளியிடுகிறது. பெருநகரத்துக்கு ஒன்று, மற்ற ஊர்களுக்கு ஒன்று. சம்பளக் கணக்குக்கு ஒரு தொகை, பங்கு விற்பனை இருந்தால் பரிவர்த்தனைகளின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கூடுதல் தொகை. ஆனால் அது பரிந்துரைதான், கட்டாயமில்லை. சிறு ஊர்களில் பலர் அதைவிடக் குறைவாகவே வாங்குகிறார்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத ஆடிட்டர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை, ஆகவே அவர் கேட்கும் தொகைக்கு மேல் வரி சேராது. அதையும் ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விதியை மட்டும் நன்றாக நினைவில் வையுங்கள். 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர்கள் சட்டப்படி, கிடைக்கும் பலனில் சதவீதம் பேசிக் கட்டணம் வாங்குவது தொழில்முறைக் குற்றம். “ரீஃபண்டு வாங்கித் தர்றேன், அதுல பத்து பர்சன்ட் குடுங்க” என்பவர் ஒன்று பட்டயக் கணக்காளர் இல்லை, அல்லது தன் தொழில் விதியை மீறுகிறார். இத்தகைய கமிஷன் ஆட்கள் இல்லாத வீட்டு வாடகை, கட்டாத காப்பீடு, கொடுக்காத கட்சி நன்கொடை என்று எழுதி ரீஃபண்டைப் பெருக்குவார்கள். 2025 ஜூலையில் வருமான வரித் துறை தமிழ்நாடு உள்பட பல மாநிலங்களில் இத்தகைய இடைத்தரகர்களைக் குறிவைத்துச் சோதனை நடத்தியது. கணக்கு உங்கள் பெயரில், உங்கள் ஓடிபியில் உறுதிசெய்யப்படுகிறது. வருமானத்தைத் திரித்துக் காட்டியதாக முடிவானால், ஏய்த்த வரியின் இரு மடங்கு வரை அபராதம் விழுவது உங்கள்மேல்தான்.

ஆடிட்டர் கட்டணம் தெளிவாகவே லாபமாகும் இடம் சொத்து விற்பனை. 2010-11-இல் 10 லட்சத்துக்கு வாங்கிய மனையை ஒருவர் 2025-26-இல் 32 லட்சத்துக்கு விற்றார் என்போம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம் என்பதால், இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு இரண்டு வழிகளில் வரியைக் கணக்கிட்டுக் குறைவானதைக் கட்டலாம். பணவீக்கத்தைப் பார்க்காமல் 22 லட்சம் லாபத்துக்கு 12.5 சதவீதம் என்றால் 2.75 லட்சம். பணவீக்கக் குறியீட்டைப் பயன்படுத்தினால் வாங்கிய விலை ஏறத்தாழ 22.5 லட்சமாக உயரும், லாபம் 9.5 லட்சமாகச் சுருங்கும், அதற்கு 20 சதவீதம் ஏறத்தாழ 1.9 லட்சம். வித்தியாசம் சுமார் 85,000 ரூபாய்.

இந்தக் கணக்கைப் போட நல்ல இணையதளமும் போதும். ஆனால் வேறு கேள்விகள் உண்டு. வழிகாட்டி மதிப்பு பத்திரத்தில் காட்டிய விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருக்கிறதா? அப்படியானால் வழிகாட்டி மதிப்பே விற்ற விலையாகக் கொள்ளப்படும். சுற்றுச்சுவர் கட்டிய செலவுக்கு ரசீது இருக்கிறதா? லாபத்தை 54இசி பத்திரங்களில் போட்டு வரியைத் தவிர்க்க வேண்டுமானால், விற்ற ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். மனையை ஆகஸ்டில் விற்றவர் அடுத்த ஜூலையில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் அந்த வாய்ப்பு கடந்துபோயிருக்கும். ஆகவே சொத்து விற்பவர் ஆடிட்டரைப் பார்க்க வேண்டிய நேரம் தாக்கல் மாதமல்ல, அட்வான்ஸ் வாங்குவதற்கு முந்தைய வாரம். அப்போது 8,000 ரூபாய் கேட்டாலும் அது அதிகமில்லை.

கடைசியாக, தாக்கலுக்குப் பிந்தைய வேலை. படிவத்தில் குறை இருந்தால் 139(9) பிரிவின்கீழ் நோட்டீஸ் வரும், பதிலளிக்கப் பொதுவாக 15 நாள் அவகாசம். பதில் தராவிட்டால் கணக்கே தாக்கல் செய்யாததாகக் கருதப்படலாம். இந்தப் பதில் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா என்று இணையதளத்திலும் ஆடிட்டரிடமும் முன்பே கேட்டுவிடுங்கள். வாய்ப்பேச்சாக இல்லாமல் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று, துறையின் தளத்தில் உங்கள் பெயரில் உள்ள மின்னஞ்சலும் செல்பேசி எண்ணும் உங்களுடையவையா என்று பாருங்கள். பல அலுவலகங்கள் வசதிக்காகத் தங்கள் முகவரியைக் கொடுத்துவைக்கும். அடுத்த ஆண்டு நீங்கள் ஆடிட்டரை மாற்றினால், நோட்டீஸ் பழைய அலுவலகத்துக்கே போய்க்கொண்டிருக்கும்.

ஒரே சம்பளம், ஏஐஎஸ்-ஸோடு பொருந்தும் கணக்கு என்றால் அரசுத் தளத்தில் இலவசமாக முடியுங்கள். பங்கு, ஃபண்டு விற்பனை நிறைய இருந்து, ஆவணங்கள் எல்லாம் கையில் இருந்தால் தனியார் தளத்துக்குக் கொடுக்கும் பணம் உங்கள் தட்டச்சு நேரத்தை மிச்சப்படுத்தும். வேலை மாற்றம், சொத்து விற்பனை, தொழில் வருமானம், நோட்டீஸ் என்று கேள்வி கேட்க ஆள் தேவைப்படும் ஆண்டில் ஆடிட்டரிடம் போங்கள். போன ஆண்டு போனதால் இந்த ஆண்டும் போக வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு ஆண்டும் வருமானத்தைப் பார்த்துப் புதிதாக முடிவு செய்யலாம்.