வக்கீல் நோட்டீஸை ஒரு பக்கத்தில் சுருக்குவது எப்படி?

சிறு தொழில் நடத்துபவர்களுக்கு வரும் வக்கீல் நோட்டீஸ்களில் அடிக்கடி காணப்படுவது, காசோலை திரும்பியதற்கான நோட்டீஸ். மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881-இன் 138-ஆவது பிரிவின்படி, பணமின்றித் திரும்பிய காசோலைக்காக வழக்குப் போடுவதற்கு முன் இப்படி ஒரு நோட்டீஸ் அனுப்பியே ஆகவேண்டும். இரண்டு மூன்று பக்கம் நீளும் இந்த நோட்டீஸில் நடந்தது, சட்டப் பிரிவு, எச்சரிக்கை எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். அதை நான்கு தலைப்பாகப் பிரித்து எழுதினால், என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் செய்ய வேண்டும் என்பது தெளிவாகும். எதிராளி என்ன சொல்கிறார், என்ன கேட்கிறார், எத்தனை நாள் அவகாசம், எந்தக் காகிதங்களைத் திரட்ட வேண்டும் என்பவையே அந்த நான்கு.

ஓர் உதாரணம். திருப்பூரில் பனியன் தைக்கும் ஒரு சிறு யூனிட், ஈரோட்டு வியாபாரி ஒருவரிடம் மூன்று பில்களில் துணி வாங்குகிறது. அதற்காக மார்ச் மாதத்திலேயே, மே 5 தேதியிட்டு 2,40,000 ரூபாய்க்குக் காசோலை தருகிறது. ஏப்ரல் 28 அன்று அதே பாக்கியில் 90,000 ரூபாயை வங்கி மூலம் வியாபாரியின் கணக்குக்கு அனுப்புகிறது. வியாபாரி மே மாதத்தில் முழுத் தொகைக்கான அந்தக் காசோலையையே வங்கியில் போடுகிறார். கணக்கில் போதிய பணமில்லை என்ற ரிட்டர்ன் மெமோ மே 12 அன்று அவர் கைக்கு வருகிறது. அவருடைய வக்கீல் ஜூன் 4 அன்று அனுப்பிய நோட்டீஸ், ஜூன் 9 அன்று யூனிட்டுக்கு வந்து சேர்கிறது.

முதல் தலைப்பில் எதிராளியின் கூற்று வரவேண்டும். இங்கே ஒவ்வொரு வரியும் ‘என்று நோட்டீஸ் சொல்கிறது’ என்று முடிவது நல்லது. பில் எண்கள், காசோலை எண், தேதி, தொகை, திரும்பிய நாள், திரும்பியதற்கான காரணம் ஆகியவற்றை நோட்டீஸில் உள்ளபடியே எழுத வேண்டும். தன் பதிலை இதற்குள் நுழைக்கக் கூடாது. ‘90,000 கட்டிவிட்டோமே’ என்ற கோபத்தில் எழுதினால், நோட்டீஸ் உண்மையில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது மறைந்துபோகும். இந்த உதாரணத்தில் 90,000 ரூபாயைப் பற்றி நோட்டீஸில் ஒரு சொல்கூட இல்லை. அதைத் தனி வரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது தலைப்பில் கேட்கும் தொகையைப் பிரித்து எழுத வேண்டும். காசோலைத் தொகை 2,40,000 ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீத வட்டி, நோட்டீஸ் செலவு 5,000 ரூபாய் என்று மூன்றையும் சேர்த்து நோட்டீஸ் கேட்கலாம். 138-ஆவது பிரிவு பேசுவது காசோலைத் தொகையைப் பற்றி மட்டுமே. வட்டியும் செலவும் வேறு கோரிக்கைகள். அவை தனித்தனியாகக் காட்டப்பட்டிருந்தால், அதனாலேயே நோட்டீஸ் செல்லாமல் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. சிறைத் தண்டனை, அபராதம் என்ற எச்சரிக்கை வரிகள் கோரிக்கையில் சேராதவை. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். இதைச் சுருக்கத்தில் ஓரத்தில் ஒரு முறை குறித்தால் போதும்.

மூன்றாவது தலைப்பான கெடுவில்தான் தவறு அதிகம் நடக்கிறது. சட்டப்படி, காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். பெற்றவருக்குப் பணம் கட்ட 15 நாள் அவகாசம். இந்த 15 நாள், நோட்டீஸில் போட்டிருக்கும் தேதியிலிருந்து தொடங்குவதில்லை. கைக்கு வந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. வந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே ஜூன் 9 அன்று பெற்ற நோட்டீஸுக்குக் கடைசி நாள் ஜூன் 24. அதற்குள் பணம் வராவிட்டால், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம். பதில் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் 15 நாள் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் நிற்பதில்லை. தபாலை வாங்க மறுத்தாலும் பயனில்லை. சரியான முகவரிக்கு அனுப்பி மறுக்கப்பட்ட தபால், சேர்ந்ததாகவே பொதுவாகக் கருதப்படும்.

நான்காவது தலைப்பு ஆவணங்கள். பெட்டியில் உள்ள எல்லாக் காகிதங்களையும் அள்ளிக்கொண்டு வக்கீலிடம் போவதால் வேலை குறையாது. முதல் தலைப்பில் உள்ள ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே, அதை உறுதி செய்யும் அல்லது மறுக்கும் காகிதம் எது என்று எழுத வேண்டும். சட்டத்தின் 139-ஆவது பிரிவு, காசோலை கடனுக்காகவே தரப்பட்டது என்ற அனுமானத்தோடு தொடங்குகிறது. அதை மறுக்கும் பொறுப்பு காசோலை கொடுத்தவர் மேல் விழுவதால், ஆதாரம் அவர் கையில் இருக்க வேண்டும்.

இந்த யூனிட்டுக்கான சுருக்கம் இப்படி அமையும்:

கூற்று: மூன்று பில்களுக்கான பாக்கி 2,40,000, மே 5 தேதியிட்ட காசோலை போதிய பணமின்றித் திரும்பியது, தகவல் கிடைத்தது மே 12 (என்று நோட்டீஸ் சொல்கிறது). ஏப்ரல் 28 வரவு 90,000 பற்றி நோட்டீஸில் எதுவும் இல்லை.

கோரிக்கை: காசோலைத் தொகை 2,40,000, தனியாக 24 சதவீத வட்டி, தனியாக நோட்டீஸ் செலவு 5,000.

கெடு: நோட்டீஸ் தேதி ஜூன் 4, பெற்றது ஜூன் 9, பணம் கட்டக் கடைசி நாள் ஜூன் 24.

ஆவணங்கள்: நோட்டீஸ் வந்த உறையும் தபால் சேர்ந்த நாளைக் காட்டும் பதிவும், மூன்று பில்கள், டெலிவரி சலான்கள், காசோலைப் புத்தக அடிக்கட்டை, ஏப்ரல் 28 பணப்பரிமாற்றத்தைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கை, இரு தரப்புப் பேரேடு, வாட்ஸ்அப் உரையாடல், அது இருக்கும் கைபேசியோடு.

இந்தப் பக்கத்தைப் பார்த்தவுடன் வக்கீலின் கண் முதல் தலைப்பின் கடைசி வரியில் நிற்கும். காசோலை தந்த பிறகு, அதை வங்கியில் போடுவதற்கு முன் பாக்கியில் ஒரு பகுதி கட்டப்பட்டிருந்தால், அது காசோலையிலேயே குறிக்கப்பட வேண்டும். குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டால், அந்தக் காசோலை அப்போதைய உண்மைக் கடனைக் காட்டாது. 138-ஆவது பிரிவின் குற்றமும் அமையாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த 90,000 ரூபாய் இந்தப் பில்களுக்கே கட்டப்பட்டதா, வேறு பழைய பாக்கிக்கா என்பது பேரேட்டைப் பார்த்தால்தான் தெரியும். வியாபாரி அதைப் பழைய கணக்கில் வரவு வைத்திருந்தால் வாதம் பலவீனமாகும். மீதி 1,50,000 ரூபாய்க்கான கடனும் எங்கும் போய்விடாது. அதைக் கேட்டு உரிமையியல் வழக்குப் போட முடியும்.

சுருக்கம் பதிலாகாது. பதிலில் எழுதும் ஒரு வாக்கியம்கூட நீதிமன்றத்தில் ஒப்புதலாகக் காட்டப்படலாம் என்பதால், அதை வக்கீல் எழுதுவதே முறை. பணத்தைக் கட்டுவதா, மறுத்து எழுதுவதா என்ற முடிவும் அவரோடு பேசியே எடுக்க வேண்டியது. கடைசி நாளில் வங்கிப் பரிமாற்றம் தடைப்படலாம். அதனால் கட்டுவதென்றால் ஜூன் 24 வரை காத்திராமல் சில நாள் முன்பே கட்டி, ரசீதையும் பரிமாற்ற எண்ணையும் அதே சுருக்கப் பக்கத்தோடு இணைத்து வைக்க வேண்டும்.