கல்லாவுக்கும் ஒரு பக்கம்

விருதுநகர் பருப்பு மண்டி ஒன்றில் பல வருடம் கணக்கு எழுதியவர் அவர். பிறகு பக்கத்து ஊரில் சொந்தமாக ஒரு மளிகைக் கடை வைத்தார். மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் பிரிவு. கணக்குப்பதிவியல் பாடத்தில் இரட்டைப்பதிவு முறை வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே குழப்பம். வீட்டிலும் கடையிலும் பணம் வந்தால் வரவு என்கிறார்கள். பாடத்திலோ ரொக்கம் உள்ளே வந்தால் பற்று, வெளியே போனால் வரவு. விதியை மனப்பாடம் செய்தாள்; கணக்குப் போடும்போது இடது வலமாக மாறிக்கொண்டே இருந்தது.

அப்பா பாடப்புத்தகத்தைத் தொடவில்லை. கடையின் கடன் நோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

வீட்டுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து எழுதிய நீளமான நோட்டு அது. ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒரு கோடு. மாடி வீட்டு அக்கா அரிசியும் எண்ணெயும் வாங்கிவிட்டு ‘எழுதிக்குங்க’ என்று போனால், அவர் பக்கத்தில் இடப்புறம் பற்று. சம்பளம் வந்ததும் பணம் கொடுத்தால், அதே பக்கத்தில் வலப்புறம் வரவு வைப்பார்கள். இந்த இரண்டு சொல்லும் அவள் சின்ன வயதிலிருந்து கடையில் கேட்டு வளர்ந்தவை. இங்கே அவளுக்குக் குழப்பமே இல்லை. வாங்கிக்கொண்டவருக்குப் பற்று, கொடுத்தவருக்கு வரவு.

“இதே நோட்டில கல்லாவுக்கும் ஒரு பக்கம் போடும்மா” என்றார்.

“கல்லாவுக்கா? அது பெட்டிதானேப்பா?”

“அதையும் ஒரு ஆளா நினைச்சுக்கோ. இன்னிக்கு மாடி வீட்டு அக்கா பழைய பாக்கியில எண்ணூறு ரூபா கொடுத்தாங்க. கொடுத்தது யாரு?”

“அக்கா.”

“அப்ப அவங்க பக்கத்தில என்ன எழுதுவே?”

“வரவு, எண்ணூறு.”

“வாங்கிக்கிட்டது யாரு?”

“நீங்க.”

“நான் இல்லம்மா, கல்லா. வாங்கினவங்க பக்கத்தில என்ன எழுதுவோம்?”

“பற்று” என்றாள். சொன்ன பிறகுதான் பாடத்தில் இருந்த விதியையே தான் சொல்லியிருப்பது அவளுக்குப் புரிந்தது.

இந்த முறையின் அடிப்படை இவ்வளவுதான். எந்த நடவடிக்கையிலும் ஒருவர் கொடுக்கிறார், ஒருவர் வாங்குகிறார். ஒரே தொகை இரண்டு பக்கங்களில் ஏறுகிறது, ஒன்றில் பற்றாக, இன்னொன்றில் வரவாக. இத்தாலியத் துறவி லூக்கா பச்சோலி 1494-ல் வெனிஸ் வணிகர்களின் இந்த முறையை விளக்கி அச்சிட்டார். உனக்கு என்னென்ன இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று முதலில் பட்டியல் எடு என்பதிலிருந்துதான் அவரும் தொடங்குகிறார். அப்பாவும் மகளை அங்கேதான் உட்கார வைத்தார். காலையில் கல்லாவில் 2,000, வங்கியில் 18,000, அலமாரியிலும் மூட்டையிலுமாகச் சரக்கு 1,50,000, கடன் நோட்டில் வாடிக்கையாளர்கள் தர வேண்டியது 12,500. எல்லாம் சேர்த்து 1,82,500. அதில் மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியது 32,500. மீதி 1,50,000 அப்பாவின் முதல்.

அந்த முதலுக்கும் ஒரு பக்கம் போடச் சொன்னபோது மகள் தயங்கினாள். கடையே அப்பாவுடையது, அப்புறம் கடை எப்படி அப்பாவுக்குக் கடன்படும்? “கடை வேற, நான் வேற” என்றார் அவர். கடைக்கு முதலைக் கொடுத்தவர் அவர், எனவே அவருக்கு வரவு. வீட்டுக்குக் காய்கறி வாங்கக் கல்லாவிலிருந்து 500 ரூபாய் எடுத்தால் வாங்கிக்கொண்டவரும் அவரே. அது ‘எடுப்பு’ என்ற பக்கத்தில் பற்றாக ஏற வேண்டும். கல்லாவில் கை வைத்தது உரிமையாளர்தானே என்று எழுதாமல் விட்ட கடைகளில்தான், வியாபாரம் நன்றாக நடந்தும் பணம் எங்கே போகிறது என்பது தெரியாமல் போகிறது.

கடனுக்குச் சரக்கு கொடுத்தால் வாங்கியவர் பக்கத்தில் பற்று, அதுவரை தெளிவு. கொடுத்தது யார்? ‘விற்பனை’ என்று ஒரு பக்கம் திறந்து அங்கே வரவு வைத்தார்கள். ரொக்கத்துக்கு விற்றாலும் அதே விற்பனைப் பக்கம்தான், எதிரில் மட்டும் வாடிக்கையாளருக்குப் பதில் கல்லா. கியூஆர் அட்டையில் பணம் அனுப்பினால் வாங்கிக்கொள்வது வங்கி. கல்லா அதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை.

இதற்கு மேல் அப்பா சொல்லிக்கொடுத்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். சிறு கடைகளில் ரொக்க விற்பனையை யாரும் தனியாக எழுதுவதில்லை. இரவில் பெட்டியை எண்ணி, காலை இருப்பைக் கழித்து, வந்த மீதியை இன்றைய வியாபாரம் என்று சொல்லிவிடுவார்கள். மகளும் முதலில் அப்படியே எழுதினாள். இரண்டு பக்கமும் அழகாகப் பொருந்தியது. “பொருந்தாம எப்படிம்மா போகும்? பெட்டியைப் பார்த்துத்தானே விற்பனையை எழுதினே?” என்றார். பெட்டியிலிருந்து யாராவது 200 ரூபாய் எடுத்திருந்தால் விற்பனை 200 குறைந்ததாகத் தெரியுமே தவிர, பணம் காணாமல் போனது தெரியவே தெரியாது. இரண்டு இடத்தில் எழுதினாலும் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தால் அது ஒற்றைப் பதிவுதான். அதனால் ஒவ்வொரு ரொக்க விற்பனைக்கும் ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதி ஆணியில் குத்தி வைக்கிறார். சீட்டுகளைக் கூட்டி விற்பனைப் பக்கம் எழுத வேண்டும். பெட்டியை அதற்குப் பிறகுதான் திறக்க வேண்டும்.

அந்த நாளின் சீட்டுகள் 4,350 ரூபாய்க்கு இருந்தன. கல்லாவின் பக்கம் இப்படி வந்தது. பற்றில் காலை இருப்பு 2,000, ரொக்க விற்பனை 4,350, அக்கா கொடுத்த 800, மொத்தம் 7,150. வரவில் பால் பாக்கெட் கொள்முதலுக்கு 640, வீட்டுக்கு எடுத்த 500, மொத்த வியாபாரிக்குக் கொடுத்த 3,000, மொத்தம் 4,140. கழித்தால் பெட்டியில் 3,010 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 2,860. 150 ரூபாய் குறைகிறது.

மகள் மறுபடி எண்ணப் போனாள். அப்பா ஒருமுறை எண்ணவிட்டு, பிறகு நிறுத்தினார். மண்டியில் பழகிய கை அவருடையது. வித்தியாசத் தொகையே பல சமயம் பிழையைக் காட்டிக் கொடுக்கும் என்பது அவருக்குத் தெரியும். முதலில் அதை ஒன்பதால் வகுத்துப் பார்க்கச் சொன்னார். 540 என்பதை 450 என்று இலக்கம் மாற்றி எழுதியிருந்தால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். 150 வகுபடவில்லை. அடுத்து பாதியாக்கச் சொன்னார். வரவில் போக வேண்டிய தொகை பற்றில் ஏறிவிட்டால் வித்தியாசம் அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கு வரும். 150-ல் பாதி 75. கல்லாவின் பக்கத்தில் 75 என்று எந்தத் தொகையும் இல்லை. மூன்றாவதாக, கியூஆரில் வந்த பணத்துக்குத் தவறுதலாக ரொக்கச் சீட்டு போட்டிருந்தாலும் பெட்டி குறைவது போலத் தெரியும். கைபேசியில் வரிசையாகப் பார்த்தார்கள், 150 ரூபாய் யாரும் அனுப்பவில்லை.

எனவே ஏதோ ஒரு செலவு முழுசாகவே எழுதப்படாமல் விட்டிருக்க வேண்டும். “மத்தியானம் மூட்டை இறக்கினாங்களேப்பா, அவங்களுக்கு?” என்று மகள்தான் கேட்டாள். சுமைகூலி 150. கூட்ட நேரத்தில் கையில் எடுத்துக் கொடுத்ததோடு சரி. ‘சுமைகூலி’ என்று ஒரு பக்கம் திறந்து பற்று, கல்லாவுக்கு வரவு. பெட்டியும் நோட்டும் 2,860-ல் சந்தித்தன. அப்படி ஒன்றும் அகப்படாமல் போனால் வித்தியாசத்தை ‘அனாமத்து’ என்று தனிப் பக்கத்தில் வைக்கலாம், காரணம் தெரிந்த அன்று தீர்க்கலாம். விற்பனையைக் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுவது மட்டும் கூடாது என்பதில் அப்பா கண்டிப்பு.

அன்று கடனுக்குக் கொடுத்தது 1,150, கியூஆரில் விற்றது 1,900. ரொக்கத்தையும் சேர்த்தால் விற்பனை 7,400. பெட்டியை மட்டும் பார்த்து வியாபாரம் சொல்பவர் அன்று 860 ரூபாய்தான் என்று சொல்லியிருப்பார்.

கடைசியாக எல்லாப் பக்கங்களின் இருப்பையும் ஒரு தாளில் இறக்கினாள். பள்ளியில் இதற்கு இருப்பாய்வு என்று பெயர். பற்றுப் பக்கம் கல்லா 2,860, வங்கி 19,900, வாடிக்கையாளர்கள் 12,850, சரக்கு 1,50,000, கொள்முதல் 640, சுமைகூலி 150, எடுப்பு 500. வரவுப் பக்கம் முதல் 1,50,000, மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியது 29,500, விற்பனை 7,400. இரண்டும் 1,86,900.

அவள் சந்தோஷப்பட்டாள். அப்பா கடன் நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். மேலத்தெரு டீச்சர் வாங்கிய 220 ரூபாய்ச் சாமான், கீழத்தெரு டீச்சர் பக்கத்தில் ஏறியிருந்தது. வாடிக்கையாளர்கள் மொத்தம் என்னவோ 12,850-தான். கூட்டல் பொருந்தும், ஆனால் ஒருவர் வாங்காத கடனைச் சுமக்கிறார். அதேபோல் கடனுக்குக் கொடுத்த சாமானை நோட்டிலேயே ஏற்றாமல் விட்டால் பற்றும் வரவும் சேர்ந்தே காணாமல் போகும். அப்போதும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் நிற்கும். இருப்பாய்வு பொருந்தாவிட்டால் பிழை நிச்சயம் உண்டு. பொருந்திவிட்டால் பிழையே இல்லை என்று அர்த்தமில்லை.

இந்த இரண்டு பிழைகளுக்கும் கூட்டலில் மருந்து கிடையாது, நோட்டுக்கு வெளியேதான் தேட வேண்டும். அதனால் வாடிக்கையாளர் வரும்போதெல்லாம் பாக்கியை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறார். அவர்கள் கையில் இருக்கும் சின்ன நோட்டிலும் அதே தொகையை எழுதிக் கொடுக்கிறார். எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிக்க மாதக் கடைசியில் சரக்கை எண்ண வேண்டும். தொடக்கச் சரக்கோடு கொள்முதலைக் கூட்டி, மிஞ்சிய சரக்கைக் கழித்தால் வெளியே போன சரக்கின் அடக்க விலை வரும். அதை விற்பனையோடு ஒப்பிட்டால், கடைக்கு வழக்கமாக நிற்கும் லாபத்தைவிடக் குறைகிறதா என்பது தெரியும். அந்த 7,400-ல் லாபம் எவ்வளவு என்று மகள் அன்றிரவே கேட்டாள். சரக்கை எண்ணுகிற அன்றைக்குத்தான் சொல்ல முடியும் என்றார் அப்பா. அடுத்த மாதக் கடைசியில் பருப்பு, எண்ணெய்ப் பக்கத்தை எண்ணுவது அவள் வேலை என்று முடிவாகியிருக்கிறது.