விடையை எங்கே ஒளிப்பது?

"தெரியலைன்னா 'இ' போட்டுடு." கொள்குறி வினாத்தாள் எழுதப் போகும் மாணவர்களிடையே காலங்காலமாகப் புழங்கும் அறிவுரை இது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் வினாத்தாளைக் கையால் தயாரிக்கும் பள்ளிகளில் இதற்குக் கொஞ்சம் பலன் உண்டு.

நான்கு விடைகள் கொண்ட ஒரு கேள்வியை எழுதுபவர், சரியான விடையை முதலிலேயே வைத்தால் பளிச்சென்று தெரிந்துவிடும் என்று தயங்குகிறார். கடைசியில் வைக்கவும் மனம் வருவதில்லை. விடை நடுவில், 'ஆ'விலோ 'இ'யிலோ போய் அமர்கிறது. இஸ்ரேலிய ஆய்வாளர்கள் இகால் அத்தாலியும் மாயா பார்-ஹில்லெலும் 2003-இல் வெளியிட்ட கட்டுரையில் இதைக் காட்டினார்கள். கேள்வி எழுதுபவர் விடையை நடுவில் ஒளிக்கிறார்; விடை தெரியாதவரும் நடுவில்தான் தேடுகிறார். அதனால் குருட்டு ஊகத்துக்குத் தகுதியில்லாத மதிப்பெண் கிடைக்கிறது.

இதற்கு எல்லோருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம், சமமாகப் பங்கிடுவது. 40 கேள்விகள் என்றால் அ, ஆ, இ, ஈ ஒவ்வொன்றுக்கும் சரியாக 10 விடைகள். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்தப் பங்கீடே ஒரு துப்பாகிவிடும்.

ஒரு மாணவிக்கு 30 கேள்விகளுக்கு விடை உறுதியாகத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். தான் நிரப்பியவற்றை எண்ணிப் பார்க்கிறாள்: அ 9, ஆ 8, இ 8, ஈ 5. ஒவ்வொன்றும் பத்துதான் என்று அவள் அறிந்திருந்தால், மிச்சமுள்ள பத்துக் கேள்விகளில் ஐந்துக்கு விடை 'ஈ' என்பது கணக்கிலேயே கிடைத்துவிடுகிறது. பத்துக்கும் 'ஈ' என்று நிரப்பினால் ஐந்து சரி. கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தால் சராசரியாக இரண்டரைதான் கிடைத்திருக்கும். நீட் தேர்வைப்போலச் சரிக்கு 4, தவறுக்கு ஒன்று கழிவு என்றாலும் 20-இல் 5 போக 15 மதிப்பெண் லாபம். அந்தப் பத்துக் கேள்விகளில் ஒன்றைக்கூட அவள் படித்துப் பார்க்க வேண்டியதில்லை.

இது வெறும் கற்பனைக் கணக்கல்ல. அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. தேர்வின் விடைக்குறிப்புகள் இப்படித் திட்டமிட்டுச் சமன்செய்யப்பட்டவை என்று அதே இருவரும் 2002-இல் எழுதினார்கள். குறைவாக வந்த எழுத்தை மிச்சக் கேள்விகளுக்கெல்லாம் குறித்தால் சராசரியாக 10 முதல் 16 மதிப்பெண் வரை கூடும் என்று மதிப்பிட்டார்கள். சமன்செய்வதை விட்டு, குலுக்கிப் போடுங்கள் என்பதே அவர்கள் சொன்ன தீர்வு.

குலுக்கலுக்குப் பெரிய கருவி வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பகடையை உருட்டலாம். 1 முதல் 4 வரை விழுந்தால் அதுவே விடையின் இடம், 5 அல்லது 6 விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும். கடினமான பகுதி அதற்குப் பிறகு வருகிறது: விழுந்ததைத் திருத்தாமல் இருப்பது. 40 கேள்விகளில் ஒரு எழுத்து 13 முறையும் இன்னொன்று 7 முறையும் வருவது சாதாரணம். மூன்று கேள்விகளுக்குத் தொடர்ந்து ஒரே எழுத்து வருவதும் ஒரு தாளில் இரண்டொரு இடத்தில் நேரும். 'இ, இ, இ' என்பதைக் கண்டதும் ஆசிரியருக்குக் கை பரபரக்கும். அதை எப்போதும் உடைப்பவர் என்று தெரிந்துவிட்டால், இரண்டு 'இ'க்களுக்கு அடுத்த கேள்வியில் மாணவர் 'இ'யை நீக்கிவிட்டு மூன்றில் ஒன்றை ஊகிக்கலாம்.

எண் விடைகளுக்கு மட்டும் குலுக்கல் அப்படியே பொருந்தாது. அவற்றை ஏறுவரிசையில் தருவதுதான் மாணவருக்கு வசதி. 400 ரூபாய்ப் பொருளுக்கு 12 சதவீதத் தள்ளுபடி போக விலை என்ன? விடை 352. மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள் 48, 388, 448. தள்ளுபடியை மட்டும் சொல்வது, 12 ரூபாயைக் கழிப்பது, தள்ளுபடியைக் கூட்டிவிடுவது ஆகியவற்றால் வருபவை இவை. வரிசைப்படுத்தினால் 352 'ஆ'வில் நிற்கும். பகடை 'அ' என்று சொன்னால், 48-ஐ எடுத்துவிட்டு 12 ரூபாயைக் கூட்டிய 412-ஐச் சேர்க்கலாம். 'ஈ' என்று சொன்னால் 352-க்குக் கீழே மூன்று தவறுகள் வேண்டும். அங்கே யாரும் செய்யாத தவறுகளைத்தான் இட்டுக்கட்ட வேண்டியிருக்கும். அப்போது 'ஆ'விலேயே விட்டுவிடுவது மேல். நம்ப முடியாத தவறான விடையை மாணவர் பார்த்த உடனே தள்ளிவிடுவார். எழுத்தின் இடத்தைவிடப் பெரிய துப்பு அது.

தாம் தயாரித்த தாளை ஆசிரியரே சோதித்துப் பார்க்கலாம். பழைய விடைக்குறிப்பு ஒன்றை எடுத்து, அடுத்தடுத்த இரு கேள்விகளுக்கு ஒரே எழுத்து எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ண வேண்டும். உண்மையான குலுக்கலில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 40 கேள்வித் தாளில் பத்தை ஒட்டி வரும். மூன்று நான்குதான் இருக்கிறது, அடுத்தடுத்த தாள்களிலும் அப்படியே என்றால், அங்கே பகடைக்குப் பதில் ஆசிரியரின் கைதான் வேலை செய்திருக்கிறது.