எதை அழிக்கக் கூடாது என்பதே முதல் வரி

இரவுப் பணியில் புதிதாக அமர்ந்தவரின் போனுக்கு எச்சரிக்கை வருகிறது: சர்வரின் /var பகுதி 92% நிரம்பிவிட்டது. இடம் போதாவிட்டால் பெரிய ஃபைலைத் தேடி அழிக்கத்தான் யாருக்கும் கை போகும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. அதனால் இந்த நேரத்துக்கென்று எழுதி வைக்கும் ரன்புக், அதாவது செயல்முறைக் குறிப்பு, தொடக்கூடாதவற்றில் இருந்தே தொடங்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் pg_wal என்ற ஃபோல்டர் உண்டு. டேட்டாபேஸ் தன் மாற்றங்களை எல்லாம் முதலில் பதிவுசெய்வது இங்கேதான். திடீரென நின்றுபோனால், மீண்டெழ இந்தப் பதிவுகள் வேண்டும். முன்பு இதன் பெயர் pg_xlog. வெறும் லாக் என்று நினைத்துப் பலர் அழித்து டேட்டாபேஸையே பாழாக்கியதால், 2017இல் வெளிவந்த 10ஆம் பதிப்பில் பெயரையே மாற்றினார்கள். “இதைத் தொடாதே, பெருத்திருந்தால் டேட்டாபேஸ் பொறுப்பாளரை எழுப்பு” என்று குறிப்பில் இருக்க வேண்டும்.

அடுத்து, எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் செய்யும் கட்டளைகள்:

```
df -h /var
sudo du -xsh /var
sudo lsof +L1
```

முதல் கட்டளை, 50 ஜிபியில் 46 ஜிபி போய்விட்டது என்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, ஃபைல்களைக் கூட்டிப் பார்த்து 16 ஜிபிதான் என்கிறது. மீதி 30 ஜிபி எங்கே? யாரோ ஒரு லாக் ஃபைலை அழித்திருக்கிறார்கள். ஆனால் அதில் எழுதிக்கொண்டிருந்த புரோகிராம் இன்னும் அதைத் திறந்தே வைத்திருக்கிறது. லினக்ஸில் ஃபைலின் பெயர் மறைந்தாலும், புரோகிராம் அதை மூடும்வரை இடம் திரும்பாது. அந்தப் புரோகிராம் எது என்பதை மூன்றாவது கட்டளை காட்டிவிடும். அதை முறைப்படி ரீஸ்டார்ட் செய்தால் 30 ஜிபியும் திரும்பிவிடும். எந்தச் சர்வீஸை இரவில் ரீஸ்டார்ட் செய்யலாம், எதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்பதைப் பெயர் சொல்லி எழுதியிருந்தால்தான் புதியவரால் துணிந்து செய்ய முடியும்.

அவசரம் எவ்வளவு என்பதையும் குறிப்பு கணக்கிடச் சொல்ல வேண்டும். பத்து நிமிட இடைவெளியில் df கட்டளையை இருமுறை ஓட்டினால் போதும். மணிக்கு 1 ஜிபி ஏறினால், மீதியுள்ள 4 ஜிபிக்கு நான்கு மணி நேரம் இருக்கிறது, நிதானமாக விசாரிக்கலாம். பத்து நிமிடத்தில் 1 ஜிபி ஏறினால் முக்கால் மணி நேரம்கூட இல்லை. அப்போதே மூத்தவரை அழைக்க வேண்டும். அழைக்க வேண்டிய நபரும் எண்ணும் அந்த வரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இடம் திரும்பிய பிறகும் வேலை முடியவில்லை. அரை மணி கழித்து மறுபடி பார்த்து, அளவு ஏறாமல் நின்றால்தான் எச்சரிக்கையை மூடலாம்.