மறுப்பதும் ஒரு பொறுப்பு: கைக்கு வந்த உதவித்தொகையை உரிய காலத்தில் விட்டுக்கொடுத்தல்

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் புனே நகரின் பாஷாண் பகுதியிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற வளாகங்களில், இறுதியாண்டு மாணவர்களுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்குகின்றன. அவற்றுள் முனைவர் பட்டப் படிப்புக்கான இடத்துடன் கல்விக் கட்டண விலக்கும் மாதந்தோறும் வாழ்க்கைச் செலவுக்கான தொகையும் சேர்ந்தே வரும் கடிதங்கள் உண்டு. திறமை மிக்க ஒரு மாணவருக்கு இத்தகைய கடிதங்கள் இரண்டோ மூன்றோ கிடைப்பது அரிதன்று. ஒன்றைத்தான் அவர் ஏற்க முடியும். மற்றவற்றை என்ன செய்வது என்பதே இக்கட்டுரையில் நாம் பார்க்கப்போகும் செய்தி.

பெரும்பாலான வீடுகளில் இதற்குக் கிடைக்கும் விடை, "பதில் எழுதாவிட்டால் தானாகவே காலாவதியாகிவிடும்" என்பதுதான். அது தானாகக் காலாவதியாவது உண்மையே. ஆயினும் அதுவரை கடந்துபோகும் நாள்களின் விலையை, நாம் அறியாத வேறொரு குடும்பம் செலுத்த நேரிடலாம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்த முறை எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் காண்போம். ஒரு துறை தன் கையிலுள்ள நிதியைக் கொண்டு இத்தனை மாணவர்களை ஏற்கலாம் என்று கணக்கிடுகிறது. சில துறைகள், அழைக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் வரமாட்டார்கள் என்று எதிர்பார்த்து, இருக்கும் இடங்களைவிடக் கூடுதலானவர்களுக்குக் கடிதம் அனுப்பும். வேறு சில துறைகள் இடங்களின் எண்ணிக்கையளவுக்கே கடிதம் அனுப்பிவிட்டு, அடுத்த நிலையில் உள்ளவர்களைக் காத்திருப்போர் பட்டியலில் வைக்கும். இரண்டாவது வகைத் துறையில், ஒருவர் மறுத்து எழுதும் நாளில்தான் அடுத்தவருக்கு வாய்ப்புத் திறக்கிறது.

இதில் ஏப்ரல் 15 என்பது முக்கியமான நாள். அந்நாட்டின் கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்னும் அமைப்பின் தீர்மானம் ஒன்றைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்றுள்ளன. நிதியுதவியுடன் கூடிய இடத்தை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்ய, மாணவருக்கு ஏப்ரல் 15 வரை அவகாசம் தரவேண்டும் என்பது அதன் சாரம். அவசரப்படுத்தப்படாமல் சிந்திக்க மாணவருக்கு அளிக்கப்பட்ட பாதுகாப்பு அது. முன்கூட்டியே முடிவு செய்துவிட்டவரும் அந்நாள் வரை மௌனமாக இருக்கவேண்டும் என்று அது கூறவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். புனேயில் பயிலும் ஒரு மாணவிக்கு, பிப்ரவரி 20-ஆம் நாளுக்குள் மூன்று பல்கலைக்கழகங்களிலிருந்து நிதியுதவியுடன் இடம் வந்துவிடுகிறது. அவற்றை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று அழைப்போம். தம் வழிகாட்டியான பேராசிரியரிடம் பேசியபின், மார்ச் 3-ஆம் நாள் முதலாவதற்கே செல்வதென்று அவர் உறுதி செய்கிறார். மற்ற இரண்டுக்கும் அவர் எழுதவில்லை. ஏப்ரல் 15 நள்ளிரவு, அமெரிக்காவின் கிழக்குக் கரை நேரப்படி, நமக்கு ஏப்ரல் 16 காலை 9.30 மணி. அப்போதுதான் அவ்விரண்டு இடங்களும் விடுபடுகின்றன.

இரண்டாவது பல்கலைக்கழகத்தின் காத்திருப்போர் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த ஒரு மாணவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வேறொரு பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை இல்லாத முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்துள்ளது. அதற்கான முன்பணத்தை ஏப்ரல் தொடக்கத்திலேயே கட்டவேண்டும். மொத்தச் செலவு 40 லட்சம் ரூபாய். வெளிநாட்டுக் கல்விக் கடனில் வழக்கமான 15 விழுக்காடு மார்ஜின் என்று கணக்கிட்டால், 6 லட்சம் ரூபாயைக் குடும்பமே திரட்டவேண்டும். மீதி 34 லட்சத்துக்கு வங்கி பிணையம் கோரும். தந்தை வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வருகிறார். வழக்கறிஞரின் சட்டக் கருத்து, சொத்து மதிப்பீடு, கடன் பரிசீலனை ஆகியவற்றுக்கான கட்டணங்கள் செலுத்தப்படுகின்றன.

ஏப்ரல் 16-ஆம் நாளுக்குப் பிறகு அவருக்கு இரண்டாவது பல்கலைக்கழகத்தின் அழைப்பு வருமானால், மகிழ்ச்சிதான். கடன் தொகை வழங்கப்படாதவரை வட்டி ஏறுவதில்லை. கடனை வேண்டாமென்று கூறிவிடலாம். ஆனால் முன்பணமும் மேற்கண்ட கட்டணங்களும் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. அதைவிடக் கடினமான நிலையும் உண்டு. காத்திருந்து களைத்த மாணவர் அதற்குள் அப்பட்டியலிலிருந்து தம் பெயரையே நீக்கிக்கொண்டிருக்கலாம். புனே மாணவி மார்ச் 3-ஆம் நாள் மாலையே ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தால், திருச்சிக் குடும்பத்துக்கு ஆறு வாரங்கள் முன்னதாகவே விடை கிடைத்திருக்கக்கூடும்.

அதே வேளையில், அவசரப்பட்டு மறுப்பதும் பிழையாகும். "உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்" என்று ஒரு பேராசிரியர் காணொளி உரையாடலில் கூறுவது உறுதிமொழி ஆகாது. முதலாவது பல்கலைக்கழகத்தின் கடிதம் எழுத்து வடிவில் கைக்கு வந்திருக்கவேண்டும். அதில் ஆண்டுக்கு எவ்வளவு தொகை, எத்தனை ஆண்டுகளுக்கு, கல்விக் கட்டணம் முழுமையாக விலக்கப்படுகிறதா, எந்தெந்த நிபந்தனைகளின் பேரில் உதவி தொடரும் என்பவை தெளிவாக இருக்கவேண்டும். அதன் பின்னரே மற்றவற்றை விடலாம்.

முடிவு இன்னும் எட்டப்படவில்லையென்றால், ஓர் எளிய நெறியைக் கடைப்பிடிக்கலாம். எந்த நேரத்திலும் இரண்டு இடங்களுக்கு மேல் கையில் வைத்திருக்கவேண்டாம். மூன்றாவது கடிதம் வந்தவுடன் மூன்றையும் ஒப்பிட்டு, எந்நிலையிலும் நாம் செல்லமாட்டோம் என்று தெரிந்த ஒன்றை அன்றே மறுத்துவிடவேண்டும். மிகவும் விரும்பும் இடத்தில் நாமே காத்திருப்போர் பட்டியலில் இருந்தாலும் இந்நெறி பொருந்தும்: கையிலுள்ளவற்றுள் சிறந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, எஞ்சியதை விட்டுவிடலாம்.

இனி, மறுப்புக் கடிதம். இது சுருக்கமாக இருப்பதே அழகு. விருதின் பெயர், விண்ணப்ப எண், மறுக்கிறோம் என்னும் ஐயமற்ற ஒரு சொற்றொடர், நன்றி, பெற்றுக்கொண்டமைக்கான ஒப்புதல் வேண்டுதல் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். நடைமுறையில் ஆங்கிலத்தில் எழுதப்படும் அக்கடிதத்தின் உள்ளடக்கம் இவ்வாறு அமையலாம்:

"மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு, எனது விண்ணப்ப எண் இது. பிப்ரவரி 18-ஆம் நாளிட்ட தங்கள் கடிதத்தின்வழி அளிக்கப்பட்ட முனைவர் பட்ட இடத்தையும் உதவித்தொகையையும் நான் ஏற்க இயலாத நிலையில் உள்ளேன். என் ஆய்வுப் பொருளுக்கு நெருக்கமான வேறொரு துறையில் சேர முடிவு செய்துள்ளேன். காத்திருக்கும் மற்றொருவருக்கு இவ்விடம் பயன்பட வேண்டுமென்றே இப்பொழுதே தெரிவிக்கிறேன். என் விண்ணப்பத்தைப் படித்து, என்னுடன் உரையாடிய பேராசிரியர்களுக்கு என் நன்றி. இம்மறுப்பு பதிவு செய்யப்பட்டதை உறுதிப்படுத்த வேண்டுகிறேன்."

இதில் காரணம் ஒரே வரியில் முடிந்திருப்பதைக் காணலாம். காரணமே கூறாமல் விடுவதும் முறையே. "இப்போதைக்கு இயலவில்லை", "அடுத்த ஆண்டு பரிசீலிக்க முடியுமா" போன்ற தொடர்களைத் தவிர்க்கவேண்டும். அவற்றைப் படிக்கும் அலுவலர், இது மறுப்பா, ஒத்திவைக்கும் வேண்டுகோளா என்று தெளிவு கேட்டு மீண்டும் எழுதுவார்; அதற்குள் ஒரு வாரம் கழிந்துவிடும். நமக்குப் பதிலாகத் தோழர் ஒருவரின் பெயரைப் பரிந்துரைப்பதும் வேண்டாம். அடுத்தவர் யார் என்பதைப் பட்டியல் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது.

மின்னஞ்சலோடு பணி முடிவதில்லை. பல நிறுவனங்களில் விண்ணப்பதாரரின் இணையப் பக்கத்தில் ஏற்கிறேன், மறுக்கிறேன் என்னும் தெரிவுகள் இருக்கும். பேராசிரியருக்குப் பண்பாகக் கடிதம் எழுதிவிட்டு, இப்பக்கத்தில் பதிவு செய்ய மறப்பது அடிக்கடி நேரும் பிழை. அலுவலகம் தன் பதிவேட்டைப் பார்த்தே அடுத்தவரை அழைக்கும். மூன்று வேலை நாள்களுக்குள் ஒப்புதல் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டவேண்டும். நமக்குப் பரிந்துரைக் கடிதம் தந்த ஆசிரியருக்கும் செய்தியைச் சொல்லிவிடுவது நன்று.

நம் நாட்டு அரசு உதவித்தொகைகளில் இதே நெறியோடு இன்னும் இரண்டு செய்திகள் சேர்கின்றன. மகாராஷ்டிர அரசு, பட்டியல் சாதி மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக்காக வழங்கும் ராஜர்ஷி ஷாஹு மகாராஜ் உதவித்தொகை, புனேயிலுள்ள சமூக நல ஆணையரகத்தின்வழி நடத்தப்படுகிறது. அதில் 75 இடங்களே உள்ளன. எண்ணிக்கை இவ்வளவு குறைவாக உள்ள திட்டத்தில், பயன்படாத ஒவ்வோர் இடமும் ஒரு பெரிய இழப்பு. இத்தகைய அரசுத் திட்டங்களில் உறுதிமொழிப் பத்திரம் கோரப்படுவதுண்டு. அதில் கையெழுத்திடுவதற்கு முன் விலகினால் ஒரு கடிதத்தோடு முடிந்துவிடும். கையெழுத்திட்ட பின் விலகினால் அதன் நிபந்தனைகளுக்கு நாம் கட்டுப்படவேண்டியிருக்கும்.

இரண்டாவது செய்தி, முன்னரே கணக்கில் வந்துவிட்ட பணம் பற்றியது. அரசு உதவித்தொகை ஆதார் வழியாக நேரடியாகச் செலுத்தப்படும்போது, ஆதாருடன் அப்பணப் பரிமாற்றத்துக்காக இணைக்கப்பட்ட கணக்கிலேயே அது சேரும். விண்ணப்பத்தில் எழுதிய கணக்கிலிருந்து அது வேறாகவும் இருக்கலாம். ஆகவே மறுப்பதற்கு முன் எல்லாக் கணக்குகளின் அறிக்கையையும் பார்க்கவேண்டும். பணம் வந்திருந்தால் செலவிடாமல், எந்தக் கணக்கில் திருப்பிச் செலுத்துவது என்று வழங்கிய அலுவலகத்திடமே எழுத்து மூலம் கேட்கவேண்டும். நெஃப்ட் முறையில் செலுத்தி, குறிப்புப் பகுதியில் விண்ணப்ப எண்ணை இட்டு, பரிமாற்ற எண்ணைப் பாதுகாத்து, ரசீதையும் பெறவேண்டும். "உதவித்தொகையை உடனே திருப்பி அனுப்புக" என்று அறிமுகமற்ற எண்ணிலிருந்து வரும் செய்தியையும் இணைப்பையும் நம்பவேண்டாம். அலுவலகத்தின் அறியப்பட்ட தொலைபேசியில் கேட்டு உறுதி செய்தபின்னரே பணத்தை அனுப்பலாம்.

வீட்டில் இத்தகைய கடிதங்களை எதிர்நோக்கும் பிள்ளைகள் இருந்தால், நாள்காட்டியில் ஏப்ரல் 15-ஐ மட்டும் குறித்துவைக்காதீர்கள். விரும்பிய இடத்திலிருந்து எழுத்து வடிவில் உறுதி வந்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற மறுப்புக் கடிதங்கள் புறப்படவேண்டிய நாள் அதுவே.