கீல் விட்ட ஹெட்போன்: ஒட்ட முடிந்ததும் முடியாததும்

காதை முழுவதும் மூடும் ஹெட்போன்களில் பல, பாட்டு நிற்பதற்கு முன்பே உடைந்துவிடுகின்றன. ஸ்பீக்கர் நன்றாக இருக்கும், பேட்டரியும் தாங்கும். ஆனால் காதுக் கிண்ணம் மடங்கும் இடத்தில் கீல் பிளந்து, ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஒரே கையால் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்துக் கழற்றும் பழக்கம் இதற்கு முக்கியக் காரணம். அப்போது பட்டை முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு முழுவதையும் கீலின் ஊசி நுழையும் துளையைச் சுற்றியுள்ள மெல்லிய பிளாஸ்டிக் சுவர்தான் தாங்குகிறது. தலையிலிருந்து இறங்கும் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சில வகைப் பிளாஸ்டிக்குகளில் விரிசலை இன்னும் வேகப்படுத்தும். உடைவதற்கு முன் அறிகுறி தெரியும். செல்போன் டார்ச்சை அடித்து, பட்டையை லேசாக விரித்துப் பார்த்தால், துளையின் ஓரத்தில் முடி போல ஒரு வெள்ளைக் கோடு திறந்து மூடும்.

இந்த நிலையில் பெரும்பாலோரின் கை உடனே போவது ஃபெவிக்விக் பக்கம். அது தவறான மருந்து. தண்ணீரைப் போல ஓடும் அந்தப் பசை விரிசலைத் தாண்டி ஊசிக்குள் இறங்கிக் கீலையே இறுக்கிவிடும். காய்ந்ததும் வளைந்து கொடுக்காது. பட்டையை நாலு முறை விரித்தால் அதே இடத்தில் மீண்டும் பிளக்கும். பிறகு சரியான பசை போட வேண்டுமானால் பழையதைச் சுரண்டியே எடுக்க வேண்டும்.

பழுது பார்க்க முடியுமா என்பதை விரிசல் இருக்கும் இடம்தான் சொல்லும். ஊசித் துளையைச் சுற்றியே உடைந்திருந்தால், கீலாக அது பிழைக்காது. ஒட்டுவதற்கு அங்கே இருக்கும் பரப்பு மிகவும் குறைவு. சுமையோ துளையைப் பிளந்துகொண்டே இருக்கும். ஆனால், மடக்கும் வசதியை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால் ஹெட்போன் பிழைக்கும். நிமிர்ந்த நிலையிலேயே கீலை நிரந்தரமாக இறுக்கிவிடலாம்.

செய்முறை இதுதான். முதலில் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். கீல் வழியாக ஒயர் போகிறதா, எந்தப் பக்கமாக என்று பார்த்துவைக்க வேண்டும். விரிசலின் இருபுறமும் சொரசொரப்பான உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட வேண்டும். எலும்பு முறிவுக்குப் பத்தை வைத்துக் கட்டுவதைப் போல, அரை மில்லிமீட்டர் கனமுள்ள எவர்சில்வர் தகட்டை விரிசலுக்கு இருபுறமும் குறைந்தது 2 சென்டிமீட்டர் நீளுமாறு வெட்டி, முனைகளை மழுங்கத் தேய்த்து, வளைவுக்குப் பொருந்த வளைத்துக்கொள்ள வேண்டும். தகட்டின் உட்பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஒட்டுவதற்கு இரண்டு டியூப் எபாக்ஸி, அதிலும் ஐந்து நிமிடத்தில் இறுகுவதைவிட மெதுவாக இறுகும் வகை நல்லது. ரப்பர் பேண்டால் கட்டி 24 மணி நேரம் தொடாமல் வைக்க வேண்டும். அவசரத்துக்கு ஹேர் டிரையர் காட்டக் கூடாது. ஒயர்லெஸ் ஹெட்போனின் கிண்ணத்துக்குள் இருப்பது லித்தியம் பேட்டரி.

காய்ந்த பிறகு தலையில் மாட்டிப் பார்க்க வேண்டும். கிண்ணம் சற்றே கோணலாக நின்றாலும் பஞ்சு காதைச் சுற்றிச் சரியாகப் படியாது. பாஸ் குறையும், இரைச்சலைத் தடுக்கும் வசதியும் பலவீனமாகும். ஆகவே ஒட்டும்போதே இரு கிண்ணங்களும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம்.

தலைப்பட்டை பிளந்திருந்தால் கணக்கு வேறு. மேலுறையும் ஃபோமும் மட்டும் கிழிந்து, உள்ளே எஃகு வில் முழுதாக இருந்தால் கவலையே வேண்டாம். துணியுறை தைத்துப் போட்டால் போதும். எஃகு இல்லாமல் பிளாஸ்டிக் வளைவே உச்சியில் பிளந்திருந்தால், ஒவ்வொரு முறை மாட்டும்போதும் வளைவது அந்த இடம்தான். அங்கே வெறும் ஒட்டு நிற்காது. நீண்ட தகடு வைத்தாலும் அது தற்காலிக ஏற்பாடே. கீல் நைலானாகவோ பாலிபுரொப்பிலீனாகவோ இருந்தால் எபாக்ஸி பிடிக்காமல் உரிந்து வரும். அப்போது உதிரிப் பாகம் தேடுவதே வழி. முப்பரிமாண அச்சில் பாகம் செய்துகொள்பவர்கள் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது நல்லது. அது 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும், வெயிலில் நிற்கும் காருக்குள் தாங்காது.

உதிரிப் பாகம் கிடைக்குமா என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. இசைக்கலைஞர்களும் ஒலிப்பதிவாளர்களும் பயன்படுத்தும் சென்ஹைசர் எச்.டி. 25 ஹெட்போனில் தலைப்பட்டை முதல் ஒயர் வரை தனித்தனியே வாங்கி மாற்றலாம். பேயர்டைனமிக் டி.டி. 770 எஃகு வில்லை நம்பி நிற்கிறது. அதற்கும் பாகங்கள் விற்பனைக்கு உண்டு. நெதர்லாந்தின் ஃபேர்போன் நிறுவனம் 2023இல் கொண்டுவந்த ஃபேர்பட்ஸ் எக்ஸ்.எல். ஹெட்போனில் பேட்டரியைக்கூட வீட்டிலேயே கழற்றி மாற்றலாம்.

அடுத்த ஹெட்போன் வாங்கும்போது அதன் தலைப்பட்டை தனியாக விற்கப்படுகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கையில் இருப்பதில் வெள்ளைக் கோடு தெரிந்தால், மடக்குவதை இன்றே நிறுத்திவிடுங்கள்.