இடம் மாறும் திட்டு, இடம் மாறாத புண்

நாக்கை நீட்டி செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. இதனால் இத்தனை காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்த பல சங்கதிகள் இப்போது தெரிகின்றன. சிலருக்கு நாக்கில் சிவப்புத் திட்டும் அதைச் சுற்றி வெள்ளைக் கரையும் இருக்கும். சிலருக்கு நடுநாக்கு கறுத்து, முடி முளைத்தது போலத் தோன்றும். இன்னும் சிலருக்குக் குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளங்கள் ஓடும். பார்த்தவுடன் மனதில் எழும் பயம் ஒன்றே: புற்றுநோயாக இருக்குமோ?

இந்த மூன்றுமே பெரும்பாலும் எந்தக் கெடுதலும் செய்யாதவை. முதலாவதை வரைபட நாக்கு என்றும், இரண்டாவதைக் கருமுடி நாக்கு என்றும், மூன்றாவதைப் பிளவு நாக்கு என்றும் சொல்லலாம். இவற்றுக்கும் ஆபத்தான புண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை அடையாளம் காண நிறத்தை விட இரண்டு விஷயங்கள் அதிகம் உதவும். ஒன்று, அது நாக்கின் எந்தப் பகுதியில் இருக்கிறது. மற்றொன்று, அடுத்த பத்துப் பதினைந்து நாளில் அது என்ன செய்கிறது.

நாக்கின் மேல்பரப்பு முழுவதும் நுண்ணிய இழைகள் நெருக்கமாக நிற்கின்றன, துருக்கித் துண்டில் நூல்கள் எழும்பி நிற்பதைப் போல. இவற்றுக்குச் சுவை தெரியாது. உணவைப் பிடித்துப் புரட்ட உதவும் சொரசொரப்பைத் தருவதே இவற்றின் வேலை. ஓர் இழையின் நீளம் சாதாரணமாக ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். நகத்தில் இருக்கும் அதே வகைக் கடினப் புரதம் இதன் நுனியிலும் உண்டு. நுனி தேய்ந்து உதிர, அடியிலிருந்து புதிது வளர்ந்துகொண்டே இருக்கும். இந்த இழைகள் உதிர்ந்துபோனால் வரைபட நாக்கு. உதிராமல் நீண்டுபோனால் கருமுடி நாக்கு.

வரைபட நாக்கு நூற்றில் ஒருவர் முதல் மூவர் வரை காணப்படுகிறது, குழந்தைகளுக்கும் வரும். நாக்கில் ஓர் இடத்தில் இழைகள் உதிர்ந்து, அந்த இடம் வழுவழுப்பான சிவப்புத் திட்டாகத் தெரியும். அதன் விளிம்பில் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ சற்றுத் தடித்த ஒரு கரை வளைந்து வளைந்து ஓடும். இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் வந்து கூடி, லேசான அழற்சி நடந்துகொண்டிருக்கும் இடம் அந்தக் கரைதான். திட்டின் ஒரு பக்கத்தில் இழைகள் மறுபடி முளைக்கும்போதே இன்னொரு பக்கத்தில் கரை முன்னேறும். அதனால் திட்டு நகர்வதுபோலத் தெரியும்.

ஒரு பெண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். வயது ஆறு. ரசம் சாதம் நாக்கில் எரிகிறது என்கிறாள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தால் நுனியின் வலப்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவில் சிவப்புத் திட்டு. வீட்டில் ஒருவர் உடல் சூடு என்கிறார், இன்னொருவர் பூச்சித்தொல்லை என்கிறார், மருந்துக்கடையில் பி காம்ப்ளக்ஸ் கொடுக்கிறார்கள். அம்மா அன்றைக்கே ஒரு படம் எடுத்து வைக்கிறாள். நான்காம் நாள் படத்தில் பழைய இடத்தில் இழைகள் முளைத்து நாக்கு வழக்கமான நிறத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் நடுவில் புதிதாக ஒரு வளைவு தொடங்கியிருக்கிறது. பத்தாம் நாளில் இடப்பக்கம் இரண்டு சிறு திட்டுகள் தெரிகின்றன, நடுவில் இருந்தது மங்கிவிட்டது. மூன்று படங்களையும் வரிசையாக வைத்தால் டாக்டருக்கு வேறு சோதனை தேவைப்படாது. புற்றுக்கட்டி ஓர் இடத்தில் ஆறி இன்னோர் இடத்தில் முளைத்து இப்படி ஊர்ந்து திரிவதில்லை. பி காம்ப்ளக்ஸ் சாப்பிட்டதால் பழைய திட்டு மறைந்தது என்று வீட்டார் நினைக்கலாம். மாத்திரை இல்லாவிட்டாலும் அது மறைந்திருக்கும். மாத்திரை இருந்தும் புதியது வந்திருக்கிறது.

இது தொற்றாது, புற்றுநோயாகவும் மாறாது. பெரும்பாலோருக்கு எந்த உபத்திரவமும் இருக்காது. சிலருக்குக் காரம், புளிப்பு, சூடான உணவு பட்டால் எரியும். இழைகள் இல்லாத இடத்தில் காப்பு குறைவு என்பதே காரணம். எரியும் நாட்களில் காரத்தைக் குறைத்து, நாக்கை அழுத்தி வழிப்பதை நிறுத்தி, உறைப்பு இல்லாத பற்பசைக்கு மாறினால் போதும். எரிச்சல் அதிகமானால் மேலே தடவும் மருந்தை டாக்டர் தருவார். சொரியாசிஸ் என்னும் தோல் நோய் உள்ளவர்களிடம் இந்த நாக்கு சற்று அதிகமாகக் காணப்படுகிறது. ஆனால் இந்த நாக்கு உள்ளவர்கள் எல்லோருக்கும் சொரியாசிஸ் வரும் என்று பொருளில்லை. நாக்கு முழுவதும் ஒரே சீராக வழுவழுப்பாகிச் சிவந்து எரிந்தால் கதை வேறு. இரும்புச்சத்து அல்லது பி12 குறைவு இருக்கலாம் என்பதால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கருமுடி நாக்கு பார்க்கத்தான் மிகப் பயங்கரம். ஒருவருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆன்டிபயாடிக் மாத்திரையும், குளோர்ஹெக்சிடின் கலந்த, வாய் கொப்பளிக்கும் மருந்தும் எழுதித் தருகிறார்கள். வலியால் அவர் ஒரு வாரம் கஞ்சியும் மோர்சாதமும் டீயும்தான் சாப்பிடுகிறார். தினமும் நாக்கு வழித்தவர் அதையும் நிறுத்திவிட்டார். இழைகளின் நுனியைத் தேய்க்க மெல்லும் உணவும் இல்லை, வழிப்பானும் இல்லை. உதிர வேண்டியது உதிராமல் நீள்கிறது. சிலருக்கு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியும் வளரும். ஆன்டிபயாடிக் வாயில் இருக்கும் பாக்டீரியாக்களின் சமநிலையைக் குலைக்க, நிறம் உண்டாக்கும் வகைகள் அந்த இழைக்காட்டில் பெருகுகின்றன. டீயும் கொப்பளிக்கும் மருந்தும் தங்கள் பங்குக்குக் கறை ஏற்றுகின்றன. கடைசியில் நடுநாக்கின் பின்பாதி கறுப்பாகவோ பழுப்பாகவோ மாறிவிடுகிறது. நுனியும் ஓரங்களும் பெரும்பாலும் தப்பிவிடும். புகைப்பவர்கள், புகையிலை போடுபவர்கள், எச்சில் குறைந்து வாய் வறண்டவர்கள் ஆகியோருக்கு மருந்து எதுவும் இல்லாமலே இது வரும்.

இதற்கு வைத்தியம் எளிது. காரணமான மருந்தை நிறுத்தலாமா என்று அதை எழுதிக்கொடுத்தவரிடம் கேட்க வேண்டும். ஆன்டிபயாடிக்கை நாமே பாதியில் விட்டுவிடக் கூடாது. தண்ணீர் நிறையக் குடித்து, காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷாலோ வழிப்பானாலோ பின்னிருந்து முன்னாக மெல்ல வழித்து வந்தால், சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் நாக்கு பழைய நிலைக்கு வரும். நாவல்பழம் தின்ற நாக்கின் கறை சில மணி நேரத்தில் போய்விடும், அது இதில் சேராது. பிறவியிலிருந்தோ பல ஆண்டுகளாகவோ மாறாமல் இருக்கும் தட்டையான கரும்புள்ளிகளும் இதில் சேராதவை. அவை தோலுக்கு நிறம் தரும் அதே மெலனின்தான். மாநிறத்தவர், கருநிறத்தவர் வாயில் இது மிகச் சாதாரணம். அந்தக் கரும்புள்ளி புதிதாக வந்தாலோ, வளர்ந்தாலோ, மேடானாலோ மட்டும் காட்ட வேண்டும்.

பிளவு நாக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாக்கின் நடுவே ஒரு பள்ளமும் அதிலிருந்து கிளைகளும் ஓடும். சிலருக்கு அவை ஆறு மில்லிமீட்டர் ஆழம் வரைகூட இருக்கும். பல குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும், வயது ஏற ஏற இன்னும் தெளிவாகத் தெரியும். வரைபட நாக்கு உள்ளவர்களிடம் இதுவும் சேர்ந்து காணப்படுவது அடிக்கடி நடப்பது. பள்ளத்தில் உணவு தங்கினால் வாய்நாற்றமும் லேசான எரிச்சலும் வரும். சாப்பிட்ட பின் கொப்பளித்து, மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்தால் தீரும். உதடு அடிக்கடி வீங்குவதும் முகம் ஒரு பக்கமாகக் கோணுவதும் இதோடு சேர்ந்து வந்தால் மட்டும் டாக்டரிடம் போக வேண்டும்.

இனிக் கவலைப்பட வேண்டிய நாக்கு. மேலே சொன்ன மூன்றும் முக்கியமாக நாக்கின் மேல்பரப்பு சம்பந்தப்பட்டவை. நாக்குப் புற்றுநோயோ பெரும்பாலும் பக்கவாட்டு ஓரத்திலும் அடிப்பக்கத்திலும் தொடங்கும். நாக்கை நேராக நீட்டி எடுத்த படத்தில் அந்த இடங்கள் சரியாகத் தெரியவே தெரியாது. ஆகவே சுத்தமான துணியால் நாக்கு நுனியைப் பிடித்து இடமும் வலமும் இழுத்து ஓரங்களைப் பார்க்க வேண்டும்; நுனியை மேலண்ணத்தில் வைத்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஓரத்தின் பின்கோடியில் செங்குத்தான சில மடிப்புகளும், அடிநாக்கில் வரிசையாகச் சில பெரிய மொட்டுகளும் தெரியும். இவை எல்லோருக்கும் இருப்பவை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம்.

இரண்டு வாரமாகியும் ஆறாமல் அதே இடத்தில் நிற்கும் புண்தான் முதல் எச்சரிக்கை. கூரான பல் உரசி வந்த புண் என்று தோன்றினால், பல்லைச் சரிசெய்த பிறகும் அதே கெடுதான். துடைத்தாலும் போகாத வெள்ளைத் தடிப்பு, நகராமல் ஒரே இடத்தில் இருக்கும் செந்நிறத் திட்டு, தொட்டால் இரத்தம் கசிவது, நாக்கு மரத்துப்போவது, விழுங்கும்போது வலி, கழுத்தில் கட்டி ஆகியவையும் அப்படியே. ஆரம்பக் கட்டப் புற்றுப்புண்ணில் வலி இல்லாமலே இருக்கலாம். வலிக்கவில்லை என்பதால் விட்டுவிடக் கூடாது. புகையிலை, மது, வெற்றிலை பாக்கு பழக்கம் உள்ளவர்களுக்கு இதில் தாமதமே கூடாது. புகையிலை சேர்க்காத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது.

படம் எடுப்பது நல்லதுதான், ஆனால் முறையாக எடுக்க வேண்டும். வாயைக் கொப்பளித்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷும் ஃபில்டரும் இல்லாமல், நாக்கை இறுக்காமல் தளர்த்தி நீட்டி எடுங்கள். முன்புறம், இரு ஓரங்கள், அடிப்பக்கம் என நான்கு படம் வேண்டும். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு வாரம் தொடருங்கள். ஒரு படத்தால் சொல்ல முடியாத விஷயம் ஒன்று உண்டு: கெட்டித்தன்மை. கையை நன்றாகக் கழுவிவிட்டு அந்த இடத்தை இரு விரலால் பிடித்துப் பாருங்கள். சாதாரணத் திட்டு சுற்றியுள்ள நாக்கைப் போலவே மெத்தென்று இருக்கும். அடியில் கெட்டியான விளிம்பு தட்டுப்பட்டால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை, பல் டாக்டரிடமோ காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ உடனே காட்டுங்கள். சிறு துண்டு வெட்டி எடுத்துச் சோதிக்க வேண்டுமா என்பதை அவர் தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அதற்கு முன் அவர் கேட்கப்போவது, இது எத்தனை நாளாக இருக்கிறது, இதே இடத்திலா என்றுதான். தேதியோடு உங்கள் செல்போனில் இருக்கும் படங்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்.